டிரஃப் 3/4 – எம்: போர்டு படத்தை வேலைப் பட்டியலாக்கும்போது

கேமரன் மலையில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் ஆபிஸ் கிராணியாக இருந்தேன். திங்கட்கிழமை காலையில் மேனேஜர் அறையில் கூட்டம் நடக்கும். மேனேஜர், பேக்டரி சூப்பர்வைசர், இரண்டு மண்டோர், மெக்கானிக், ஸ்டோர்காரர் எல்லாரும் வருவார்கள். முக்கால் மணி நேரம் பேசி, மேனேஜர் ஒயிட்போர்டில் கிறுக்குவார். கடைசியில் யாராவது போனில் ஒரு படம் எடுத்து வாட்சப் குரூப்பில் போடுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்து யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று பட்டியல் போடுவது என் வேலை.

2025 மார்ச் 24, திங்கட்கிழமை எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இருந்தவை இவ்வளவுதான்:

டிரஃப் 3/4 – எம்
ஃபேன் பெல்ட், ஈப்போ – எஸ்
எஃப் 7 ரச்சுன் – மிங்கு டெப்பான்
ராயா ஓ.டி.?
ஹாஸ்டல் தண்ணி டேங்க் – செமுவா
வலது மூலையில் வட்டம் போட்ட 40

இதில் முதல் இரண்டு வரிகளை நான் தப்பாகப் படித்ததால் வந்த வினையை வைத்தே, கிராணி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

செய்யுங்கள்: படத்தை நீங்களே எடுங்கள், மேலே தேதி எழுதிவிட்டு எடுங்கள்

அன்றைக்குப் படம் எடுத்தது நானில்லை. கதவருகில் உட்கார்ந்திருந்த ஒருவர், எழுந்திருக்காமலே எடுத்தார். மேலே இருந்த டியூப் லைட் போர்டின் நடுவில் வெள்ளைப் பட்டையாக விழுந்தது. அந்தப் பட்டைக்குள் ஒரு அம்புக்குறி மறைந்துபோனது. டிரஃப் வரியிலிருந்து பெல்ட் வரிக்குப் போன அம்பு அது. அதாவது அவை இரண்டு வேலையல்ல, ஒரே வேலையின் இரண்டு பாதி. படத்தில் அம்பு இல்லாததால் எனக்கு அவை இரண்டு தனி வரிகள்.

போர்டுக்கு நேர் எதிரே நின்றால் விளக்கும் உங்கள் நிழலும் சேர்ந்து விழும். அரை அடி பக்கவாட்டில் தள்ளி நின்று, ஃபிளாஷை அணைத்துவிட்டு, போர்டு முழுவதும் தெரிய ஒரு படம் எடுங்கள். பிறகு கிட்டப் போய், ஒன்றின் ஓரம் அடுத்ததில் வருகிற மாதிரி நான்கு படம். பச்சை மார்க்கரும் தீரப்போகிற சிவப்பு மார்க்கரும் தூரப் படத்தில் நிற்கவே நிற்காது. எடுத்ததை அந்த அறையிலேயே பெரிதாக்கிப் பாருங்கள். ஆட்கள் இன்னும் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருக்கும்போதே படிக்க முடியாத எழுத்தைக் கேட்டுவிட்டால் அரை நிமிட வேலை. அதையே மத்தியானம் கேட்கப் போனால் ஒருவர் மலையில் இருப்பார், இன்னொருவர் லோரியில் இருப்பார், அங்கே லைன் இருக்காது.

தேதியைப் போர்டிலேயே எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாட்சப்பில் வந்த படத்தைச் சேமித்தால் அதன் பெயர் `IMG-20250326-WA0007.jpg` என்கிற மாதிரி வரும். நடுவில் இருக்கும் எண் உங்களுக்குப் படம் வந்து சேர்ந்த நாள், கூட்டம் நடந்த நாளல்ல. படம் எடுத்த நேரம் முதலான விவரங்களும் வழியில் கழன்றுவிடும். திங்கட்கிழமை படத்தை ஒருவர் புதன்கிழமை உங்களுக்கு அனுப்பினால், அதில் இருக்கும் ‘லூசா’ வெள்ளிக்கிழமை ஆகிவிடும். உண்மையில் அது அந்தப் புதன்கிழமையாகவே இருந்திருக்கும். அனுப்பச் சொல்வதென்றால் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து மங்காது.

இந்த மலைக்கே இதில் ஒரு பழைய கதை உண்டு. வில்லியம் கேமரன் என்ற சர்வேயர் 1885-இல் இங்கே வந்தார். மலைக்கு நடுவில் அருமையான மேட்டுநிலம் இருக்கிறது என்று எழுதிவைத்தார். ஆனால் அது சரியாக எங்கே என்பது மேப்பில் தெளிவாக விழவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தைத் தேடி அலைய வேண்டியிருந்தது. அவர் பெயர் மலைக்கு நின்றுவிட்டது. நம்மைப் போன்ற கிராணிக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

செய்யாதீர்கள்: படத்தைப் பார்த்து நேராகப் பட்டியல் எழுதாதீர்கள்

இரண்டு தடவை எழுத வேண்டும். முதல் தடவை போர்டில் இருப்பதை இருக்கிறபடியே நோட்டில் இறக்குங்கள். அடித்தது அடித்ததாகவே, கேள்விக்குறி கேள்விக்குறியாகவே, அம்பு எங்கிருந்து எங்கே போகிறது என்பதோடு வர வேண்டும். அர்த்தம் பார்ப்பது இரண்டாவது தடவை.

நான் இதைச் செய்யவில்லை. ‘டிரஃப் 3/4 – எம்’ என்பதைப் பார்த்தவுடனே என் கை ‘ஏப்ரல் 3, மண்டோர், டிரஃப் கழுவுவது’ என்று எழுதியது. நாள் முழுக்க தேதி எழுதுகிற கைக்கு 3/4 என்றால் ஏப்ரல் மூன்றுதான். அது வியாழக்கிழமை, ராயா முடிந்த அதே வாரம். கழுவுவதற்குப் பொருத்தமான நாளாகவும் தெரிந்தது. பொருத்தமாகத் தெரிந்ததுதான் வினை. தப்பான வாசிப்பு அபத்தமாக இருந்திருந்தால் நானே நின்று யோசித்திருப்பேன்.

உண்மையில் மேனேஜர் எழுதியது, நான்கு டிரஃபில் மூன்றுதான் ஓடுகிறது என்று. நான்காவதின் ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. ‘எம்’ என்பது மெக்கானிக். எங்கள் தோட்டத்தில் மண்டோரும் எம், மெக்கானிக்கும் எம், மேனேஜரும் எம்.

அடுத்த வரியிலும் அதே கதை. ‘எஸ்’ என்பதை நான் சப்து, அதாவது சனிக்கிழமை என்று எடுத்தேன். செலாசாவாகவும் இருந்திருக்கலாம், அது செவ்வாய். உண்மையில் அது ஸ்டோர்காரர். ஈப்போ போய் பெல்ட் வாங்கும் வேலை அவருக்கு; தேதியே எழுதப்படவில்லை. ‘பெல்ட், சனிக்கிழமை 29’ என்று என் பட்டியலில் பார்த்த ஸ்டோர்காரர் சனிக்கிழமை போய் வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. மெக்கானிக் அண்ணனுக்கு என் பட்டியலில் வேலையே இல்லை. அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலமே ராயாவுக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

ராயா மார்ச் 31, திங்கள். மறுநாளும் லீவு. இரண்டு நாள் கொழுந்து எடுக்காமல் விட்டால் அந்தச் சுற்று பின்னால் தள்ளும். அதற்குப் பிறகு வருகிற கொழுந்து சேர்ந்து வரும். நான்கு டிரஃபில் பரப்ப வேண்டியதை மூன்றில் பரப்பினார்கள். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கொழுந்து ஒரு சாணுக்கு மேல் குவிந்தால் அடியிலிருந்து வரும் காற்று நடுவுக்கு ஏறாது. மேலே வாடும், நடுவில் சூடேறும். காலையில் கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், ரோலருக்குப் போகும் முன்பே இலை சிவந்திருக்கும். அந்த இலையில் நல்ல தூள் வராது. சூப்பர்வைசர் ஒரு பிடி எடுத்து வந்து என் மேசை மேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பெல்ட் அந்த நேரத்திலும் ஸ்டோர் அலமாரியில்தான், பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல்.

போனிலேயே படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அச்சடித்த பில்லுக்கு நன்றாக வரும். போர்டு எழுத்தில், அதுவும் ஒரே வரியில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்திருந்தால், பாதியை விழுங்கிவிடும். அம்பு, வட்டம், அடித்தல் எதுவும் அதற்குத் தெரியாது. அடித்த வரியையும் உயிருள்ள வரியாகவே எடுத்துக் கொடுக்கும். தட்டச்சு மிச்சமாகும் என்றால் பயன்படுத்துங்கள். படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளாமல் மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

செய்யுங்கள்: சேதி, கேள்வி, வேலை என்று வரிகளைப் பிரியுங்கள்

போர்டில் இருப்பதெல்லாம் வேலையல்ல. ‘மூன்று டிரஃப்தான் ஓடுகிறது’ என்பது சேதி. ‘நாலாவதைச் சரிபண்ணு’ என்பது வேலை. ஒரே வரியில் இரண்டும் இருந்தன. நான் இரண்டையும் பிரிக்காமல் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

‘ராயா ஓ.டி.?’ என்பது கேள்வி. கேள்வியை அப்படியே பட்டியலில் போட்டால் அது அப்படியே கிடக்கும். அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்ல வேண்டும், எப்போதுக்குள் சொன்னால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று பாருங்கள். ராயாவன்று பேக்டரியில் யார் நிற்பது என்று ஆள் பிரிக்க எனக்கு இரண்டு நாள் வேண்டும். மெக்கானிக் போலவே பாதிப் பேர் வெள்ளி சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். ஆகவே மேனேஜர் புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். மேனேஜர் பெயரைப் பட்டியலில் போடக் கூச்சப்படாதீர்கள். ‘சார், இந்த ஒன்று உங்களிடம் நிற்கிறது’ என்று முதலில் நேரில் சொல்லிவிட்டு எழுதினால் யாரும் கோபிப்பதில்லை.

செய்யாதீர்கள்: ‘எல்லாரும்’ என்று எழுதாதீர்கள்

ஹாஸ்டல் தண்ணீர் டேங்க் கழுவும் வரியில் ‘செமுவா’ என்று இருந்தது. மலாயில் எல்லாரும் என்று அர்த்தம். கழுவுகிறவர்கள் எல்லாருமாக இருக்கலாம். ஆனால் வால்வை மூடுவது, முதல் நாளே வாளிகளில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்வது, முடிந்ததும் மூடியைப் பூட்டுவது இவற்றை ஒருவர் பார்க்க வேண்டும். அவர் பெயர்தான் பட்டியலில் வரும். கையாள் எத்தனை பேரானாலும் பொறுப்பு ஒருவருக்கு. எங்கள் ஹாஸ்டலில் பங்களாதேஷ்காரர்களும் இந்தோனேசியர்களும் இருந்தார்கள். அங்கே மூத்த மண்டோர் ஒருவர் இருந்தார். அவர் பெயரைப் போட்டபிறகுதான் டேங்க் கழுவப்பட்டது. அதற்கு முந்தைய மூன்று கூட்டத்திலும் இதே வரி இதே ‘செமுவா’வோடு இருந்ததைப் பழைய படங்களில் பார்த்தேன்.

‘பேக்டரி’, ‘ஸ்டோர்’, ‘மெயின்டெனன்ஸ்’ என்று இடத்தின் பெயரை எழுதுவதும் இதே ரகம்தான். ஒற்றை எழுத்தும் வேண்டாம். முழுப் பெயரோடு, அவரைத் தோட்டத்தில் எப்படிக் கூப்பிடுவார்களோ அதையும் சேர்த்து எழுதுங்கள்.

செய்யுங்கள்: தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

‘மிங்கு டெப்பான்’ என்பது மலேசியாவில் அடுத்த வாரம். மிங்கு என்பதை இந்தோனேசியர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் சொல்வார்கள். மருந்து அடிக்கும் கும்பலில் பாதிப் பேர் இந்தோனேசியர்கள் என்றால், இந்த வார்த்தையை அப்படியே பட்டியலில் விடுவது விளையாட்டல்ல. அடுத்த வாரம், சீக்கிரம், ராயாவுக்கு முன் என்று எது இருந்தாலும் நாளும் கிழமையும் சேர்த்து மாற்றுங்கள். ‘28 மார்ச், வெள்ளி’ என்று எழுதினால், நாளும் கிழமையும் ஒத்துப்போகவில்லை என்றால் படிப்பவரே சொல்லிவிடுவார். 28/3 என்று மட்டும் எழுதினால் அந்தக் காவல் இல்லை.

எண்ண வேண்டிய விதம் இது. எஃப் 7 என்பது ஏழாம் நம்பர் காடு. அங்கே அடுத்த வெட்டு ஏப்ரல் 9, புதன் என்று சுற்று அட்டவணையில் இருந்தது. எங்கள் மலையில் ஒரு காட்டுக்கு சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று வரும். மருந்து அடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் கொழுந்து எடுக்கலாம் என்று டப்பா லேபிளில் போட்டிருக்கும். அன்றைக்கு இருந்த மருந்துக்கு ஏழு நாள். ஏப்ரல் 9-இலிருந்து ஏழு நாள் பின்னால் போனால் ஏப்ரல் 2. அதுதான் கடைசி நாள். அன்றைக்கு ராயா லீவு முடிந்த மறுநாள், ஊருக்குப் போன ஆள் எத்தனை பேர் திரும்பியிருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மழை வந்தால் அந்த ஒரு நாளும் போச்சு. ஆக ‘அடுத்த வாரம்’ என்று போர்டில் இருந்தாலும் அடுத்த வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது, அதுவும் ஆட்டம் காணும் நாள்.

இதைக் கண்டுபிடிப்பது கிராணி வேலை. தீர்ப்பது கிராணி வேலையல்ல. வெட்டைத் தள்ளுவதா, மருந்தை முன்னுக்குக் கொண்டுவருவதா என்று மேனேஜரைக் கேட்டேன். இந்த வரியையாவது அன்றைக்கே கேட்டேன் என்பது ஆறுதல். மார்ச் 28 காலையில் அடித்துவிடுங்கள் என்றார்.

பெல்ட் வரியையும் இப்படி எண்ணியிருந்தால் தப்பு அங்கேயே பிடிபட்டிருக்கும். மெக்கானிக் வெள்ளி சாயங்காலம் போகிறார். மாட்டிய பெல்ட்டை ஒரு ராத்திரியாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கொழுந்து வாடுவதே ராத்திரி முழுக்க நடக்கிற காரியம்தானே. ஆக வியாழன் 27-க்குள் மாட்ட வேண்டும், புதன் 26-க்குள் வாங்க வேண்டும். ஈப்போவுக்குப் போக சிம்பாங் பூலாய் ரோடு, வழியில் மண் சரிந்திருந்தால் தாப்பா சுற்றி இறங்க வேண்டும். அதற்கு அரை நாள் விட்டால் செவ்வாய்க்கிழமையே கிளம்ப வேண்டும். சனிக்கிழமை என்பது கணக்கில் வரவே வராது. என் ‘சப்து’ அங்கே உடைந்திருக்கும்.

கேட்டு, எண்ணி, சரியாக எழுதியிருந்தால் அன்றைய பட்டியல் இப்படி வந்திருக்கும்:

1. நான்காம் டிரஃப் ஃபேனின் பழைய பெல்ட் நம்பரைப் படமெடுத்து ஸ்டோர்காரருக்கு அனுப்புவது. மெக்கானிக். 24 மார்ச், திங்கள்.
2. அதே நம்பர் பெல்ட் இரண்டு ஈப்போவில் வாங்கி மெக்கானிக் கையில் கொடுப்பது. ஸ்டோர்காரர். 26 மார்ச், புதன்.
3. பெல்ட் மாட்டி, ராத்திரி கொழுந்தோடு ஓடவிட்டு, காலையில் சூப்பர்வைசரிடம் காட்டுவது. மெக்கானிக். 28 மார்ச், வெள்ளி காலை.
4. ராயா நாட்களில் பேக்டரி ஓடுமா என்று சொல்வது. மேனேஜர். 26 மார்ச், புதன்.
5. ஏழாம் காட்டில் மருந்து அடித்து, அடித்த நேரத்தை ரிஜிஸ்டரில் எழுதுவது. காட்டு மண்டோர். 28 மார்ச், வெள்ளி.
6. ஹாஸ்டல் டேங்க் கழுவி, மூடியைப் பூட்டி, சாவியை ஆபிஸில் கொடுப்பது. ஹாஸ்டல் மண்டோர். 29 மார்ச், சனி.

இங்கே ஆளின் தொழிலைப் போட்டிருக்கிறேன், உங்கள் பட்டியலில் பெயர் வரட்டும். ஒவ்வொரு வரியும் எதில் முடிகிறது என்று பாருங்கள். ‘பெல்ட் வாங்குவது’ என்று நின்றிருந்தால் அலமாரியில் வைத்தாலே வேலை முடிந்தது. ‘மெக்கானிக் கையில் கொடுப்பது’ என்றால் முடியாது. போர்டில் ஒரு அம்பாக இருந்தது பட்டியலில் இந்த மூன்று வார்த்தை.

செய்யாதீர்கள்: குரூப்பில் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள்

பட்டியல் போட்டால் மூன்று பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அந்த மூன்று பேருக்கும் அதில் வேலையே இருக்காது. வேலை உள்ளவரிடமிருந்து, அவரவர் வரிக்கு, அவரவர் பதில் வர வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குள் வராதவர்களைப் போனில் கூப்பிடுங்கள். ‘அண்ணே, பெல்ட் உங்களுக்கு வியாழக்கிழமை, சரிதானே?’ என்று ஒரே ஒரு கேள்வி. மெக்கானிக் அண்ணனிடம் நான் அதைக் கேட்டிருந்தால் ‘என்ன பெல்ட், நான் வெள்ளிக்கிழமை கிளம்புறேனே’ என்று அங்கேயே சொல்லியிருப்பார். நானும் பழியிலிருந்து தப்பியிருப்பேன்.

காட்டுப் பக்கம் லைன் கிடைக்காத மண்டோர்களுக்கு, மறுநாள் காலை பெரட்டில் கையில் தாள் கொடுங்கள், ஒட்டிவைத்தால் போதாது. மலாயில் ஒரு தடவை வாசித்தும் காட்டுங்கள். படிக்கத் தெரிந்தும் கண்ணாடி கொண்டுவராத மண்டோர்கள் உண்டு.

செய்யுங்கள்: புரியாததைப் புரியாதது என்றே எழுதுங்கள்

பட்டியலுக்குக் கீழே ஒரு கோடு போட்டு ‘கேட்க வேண்டியவை’ என்று தனியாக வையுங்கள். யூகித்த பெயரும் தேதியும் மேலே போகக் கூடாது. மேலே போனதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கிராணி எழுதினால் அது மேனேஜர் சொன்னது என்றுதான் தோட்டத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வட்டம் போட்ட 40-ஐ நான் அப்படித்தான் கோட்டுக்குக் கீழே வைத்தேன். மெக்கானிக் அது பெல்ட் விலையாக இருக்கும் என்றார். மண்டோர் நாற்பது கூடை என்றார், சூப்பர்வைசர் நாற்பது மூட்டை என்றார். ராயா முடிந்து ஏப்ரல் 7 கூட்டத்தில் படத்தை மேனேஜரிடமே காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ‘இதை நானா எழுதினேன்?’ என்றார்.